அக்காவுக்கு ஒரு நிறம், தம்பிக்கு ஒரு நிறம், அறை மட்டும் ஒன்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறையை நடுவில் பிரித்து, ஆளுக்குப் பாதிச் சுவரில் அவரவர் நிறத்தை அடித்துவிட்டால் தீர்ந்ததுதானே?

தீராது. நானும் அப்படித்தான் நினைத்தேன், என் வீட்டில் அதைத்தான் செய்தேன், இரண்டே மாதத்தில் திரும்ப அடித்தேன்.

தரையில் கோடு போட்டுப் பார்த்தால் அது சரிபாதிதான். ஆனால் பிள்ளைகள் அறையைத் தரைப்படமாகப் பார்ப்பதில்லை, படுத்துக்கொண்டு பார்க்கிறார்கள். கட்டில் ஒட்டிய சுவர் அதில் படுத்திருக்கிறவனின் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. அவன் கண் போய் நிற்பது எதிர்ச் சுவரில், அதாவது அக்காவின் நிறத்தில். அக்காவுக்கோ தம்பியின் நிறம். ஆளுக்கொரு சுவர் என்று கொடுத்துவிட்டு, அந்தச் சுவரை அடுத்தவர் பார்க்கும்படி வைத்துவிடுகிறோம். "அவளுக்குத்தான் எல்லாம்" என்ற புகார் பல வீடுகளில் பிடிவாதத்தால் வருவதில்லை. அந்தப் பிள்ளை படுத்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அது உண்மை.

ஆகவே பங்கை அளக்க வேண்டிய இடம் தலையணை. டேப்பை எடுப்பதற்கு முன் இரண்டு கட்டிலிலும் படுத்துப் பாருங்கள். மல்லாந்து ஒரு தடவை, அறைப் பக்கம் ஒருக்களித்து ஒரு தடவை. எதெது தெரிகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். நிறம் போக வேண்டிய இடம் அந்தப் பட்டியலில் இருக்கும்.

சரி, அப்படிப் பார்த்து நிறத்தை எங்கே வைத்தீர்கள்? அளவோடு சொல்ல முடியுமா?

அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். 10 அடிச் சுவர் ஒன்றின் நடுவில் ஜன்னல், அதன் இரு பக்கமும் தலைமாடு வரும்படி இரண்டு கட்டில்கள். ஒவ்வொன்றும் 3 அடி அகலம், ஆறேகால் அடி நீளம். நடுவில் 4 அடி வழி. கால்மாட்டுக்கு எதிரே இருக்கும் 10 அடிச் சுவரின் நடுவில் 4 அடி அகல அலமாரி. கதவு வலப்பக்கச் சுவரில், கால்மாட்டு மூலையை ஒட்டி. மகளுக்கு அப்போது 11 வயது, இடப்பக்கக் கட்டில், அடர் நீலம் வேண்டும் என்றாள். மகனுக்கு 6 வயது, வலப்பக்கக் கட்டில், ஆரஞ்சு. எந்த ஆரஞ்சு என்று கேட்டால் பழத்தைவிடப் பளிச்சென்று இருக்கிற ஆரஞ்சு.

முதல் தடவை இடச்சுவர் முழுக்க நீலம், 120 சதுர அடி. வலச்சுவர் முழுக்க ஆரஞ்சு, கதவு போக 99 சதுர அடி. கணக்குப் பெரிதாகத் தவறவில்லை. ஆனால் ஆரஞ்சுச் சுவரிலேயே கதவு இருந்ததால், உள்ளே நுழைகிறவர் முதலில் பார்ப்பது எதிரே இருந்த நீலம். வந்தவர்கள் எல்லோரும் "நீல ரூமா, அழகா இருக்கே" என்றார்கள். மகன் ஒவ்வொரு தடவையும் "ஆரஞ்சும் இருக்கு" என்று திருத்திக்கொண்டிருந்தான். மகளுக்கு வேறு தொல்லை. ஒருக்களித்தால் ஆரஞ்சு கண்ணைக் குத்தும், மறுபக்கம் திரும்பினால் அவளுடைய நீலம் மூக்குக்கு அருகில், நிறமாகவே தெரியாத தூரத்தில்.

ஒரு நாள் மகன் தன் ஆரஞ்சுத் துண்டை அலமாரிக் கைப்பிடியில் கொண்டுபோய் மாட்டியிருந்தான், கட்டிலுக்கு நேராகத் தெரியும்படி. ஈரத்துண்டு என்று நினைத்து எடுத்துவிட்டேன். மறுநாள் திரும்பவும் அங்கேயே இருந்தது. மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது.

இரண்டாம் தடவை பக்கச் சுவர்கள் இரண்டையும் வெளிர் பொது நிறத்துக்குக் கொண்டுவந்தோம். கால்மாட்டுச் சுவரில் அலமாரிக்கு இரு பக்கமும் மும்மூன்று அடி மீதி இருந்தது. அலமாரி உயரத்துக்கே, 7 அடிக்கு, இடப்பக்கம் ஒரு நீலக் கட்டம், வலப்பக்கம் ஒரு ஆரஞ்சுக் கட்டம். ஆளுக்கு 21 சதுர அடி. முன்பு இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குதான், ஆனாலும் மல்லாந்து படுத்தால் அவரவர் கட்டம் நேர் எதிரே நிற்கும். அடுத்தவருடையது கொஞ்சம் சாய்வாகத் தெரியும், அவ்வளவுதான்.

ஒன்றைக் கவனிக்கத் தவறினோம். கதவின் கீல் மூலைப் பக்கம் இருந்தது. கதவைத் திறந்தால் அது கால்மாட்டுச் சுவரோடு போய் ஒட்டி, ஆரஞ்சுக் கட்டத்தை அப்படியே மூடிவிடும். பகல் முழுக்கக் கதவு திறந்தேதான் இருக்கும்! தச்சரை அழைத்துக் கீலை மறுபக்கத்துக்கு மாற்றினோம். உங்கள் அறையிலும் நிறத்துக்கு இடம் முடிவு செய்யுமுன் கதவைத் திறந்துவைத்து, திரையை விலக்கிவைத்து, அலமாரிக் கதவுகளையும் திறந்துவைத்து ஒரு தடவை பாருங்கள்.

இரண்டு பேருக்கும் ஒரே அளவு கொடுத்தும் ஒரு நிறம் மட்டும் அறையையே பிடித்துக்கொள்கிறதே?

ஏனென்றால் எல்லா நிறங்களுக்கும் எடை ஒரே மாதிரி இல்லை. நிறங்களின் ஒளிர்வுக்கு, ஜெர்மன் எழுத்தாளர் கோத்தே தந்ததாகச் சொல்லப்படும் சில எண்கள் உண்டு. மஞ்சள் 9, ஆரஞ்சு 8, சிவப்பும் பச்சையும் 6, நீலம் 4, ஊதா 3. ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப் பள்ளியில் நிறப்பாடம் நடத்திய யோகன்னஸ் இட்டன் இந்த எண்களை வைத்துத்தான் பரப்பளவைச் சொல்லிக்கொடுத்தார். எண் பெரிதாக இருந்தால் பரப்பு சிறிதாக இருக்க வேண்டும். ஆரஞ்சு 8, நீலம் 4 என்றால், நீலத்தில் பாதிப் பரப்பு ஆரஞ்சு இருந்தாலே கண்ணுக்கு இரண்டும் சமம். மஞ்சளும் ஊதாவும் என்றால் ஊதாவில் மூன்றில் ஒரு பங்கு மஞ்சள் போதும். சிவப்பும் பச்சையும் சரிக்குச் சரி. இவை முழு அழுத்தத்தில் இருக்கும் நிறங்களுக்கான எண்கள். வெளிர் நிறங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

ஓவியத்துக்கு இது அழகான விதி. பிள்ளைகள் அறையில் இதை நேரடியாகப் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். ஆரஞ்சுக் கட்டத்தைப் பாதியாகக் குறைத்தால் பெரியவர்கள் கண்ணுக்குச் சமநிலை, ஆறு வயதுக்காரன் கண்ணுக்கு அநியாயம். அவன் எண்ணுவான், விரலால் அளப்பான், "அவளது பெரிசு" என்பான். அவன் சொல்வதும் சரிதான்.

அதனால் பரப்பில் கை வைக்காதீர்கள், அழுத்தத்தில் வையுங்கள். இருவருக்கும் 21 சதுர அடியே இருக்கட்டும். ஆரஞ்சை மட்டும் ஷேட் கார்டின் அதே வரிசையில் இரண்டு படி வெளிர்ப்பக்கம் இறக்குங்கள். "இது என் ஆரஞ்சு இல்லை" என்று அவன் சொல்லத்தான் செய்வான், எங்கள் வீட்டிலும் சொன்னான். அவன் கேட்ட அசல் ஆரஞ்சை, அவன் கை படுகிற சின்னப் பொருள்களில் கொடுத்தோம். அவனுடைய இழுப்பறைக் கைப்பிடிகள் மூன்று, தலையணை உறை ஒன்று. சின்னப் பொருளில் எவ்வளவு அழுத்தமான நிறமும் தொந்தரவு தராது. அப்புறம் மகளும் கைப்பிடி கேட்டாள், அவளுக்கும் நீலத்தில் மூன்று.

வம்பே வேண்டாம், இரண்டு நிறத்தையும் கலந்து பொதுவாக ஒன்று அடித்தால்?

ஆரஞ்சையும் நீலத்தையும் கலந்தால் சேற்று நிறம் வரும். இளஞ்சிவப்பும் நீலமும் என்றால் ஒருவகை ஊதா வரும், பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் அது இருவரில் யாரும் கேட்காத நிறம். இரண்டு பேரையும் ஒரே சமயத்தில் வெளியே நிறுத்துவதுபோல. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பொதுச் சுவர்களுக்கு என்ன நிறம்? வெள்ளைதானே யாருக்கும் பாதகமில்லாதது?

தூய வெள்ளைக்குப் பக்கத்தில் எந்த அழுத்தமான நிறமும் வெட்டிவைத்ததுபோல் நிற்கும். கொஞ்சம் தணிந்த வெள்ளை நல்லது. ஆனால் எந்தப் பக்கம் தணிந்தது என்பதில்தான் சிக்கல். மஞ்சள் சாயல் கொண்ட கிரீம் அடித்தால் ஆரஞ்சு அதோடு உறவாகிவிடும், நீலம் மட்டும் தனியாக நிற்கும். நீலச் சாயல் கொண்ட சாம்பல் அடித்தால் கதை தலைகீழ். பொதுச் சுவரே ஒருவர் கட்சியில் சேர்ந்துவிடுகிறது.

இதில் இன்னொரு விளையாட்டும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கம்பளத் திரை நெய்யும் ஆலையின் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட வேதியியலாளர் மிஷெல் ஷெவ்ரல், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்ற புகாரைத் தேடிப் போனார். குறை நூலில் இல்லை, பக்கத்தில் நெய்த நிறம் அப்படிக் காட்டியது. அதுபோலவேதான் சுவரிலும். சாதாரணச் சாம்பல் நிறம் ஆரஞ்சுக்குப் பக்கத்தில் லேசாக நீலம் பாய்ந்தாற்போல் தெரியும், நீலத்துக்குப் பக்கத்தில் லேசாக ஆரஞ்சு கலந்தாற்போல் தெரியும். ஆகவே வெளிர் நிறத்தைத் தனியாக வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். மூன்று அட்டையை ஒன்றாகப் பிடியுங்கள், பொது நிறம் நடுவில், பிள்ளைகள் நிறம் இரு பக்கமும். இரண்டில் ஒன்று அழுக்காகத் தெரிந்தால் நடு அட்டையை மாற்றுங்கள். எங்களுக்கு நான்காவது அட்டையில் அமைந்தது, மஞ்சளும் இல்லாமல் நீலமும் இல்லாமல் மணல் நிறத்துக்கும் சாம்பலுக்கும் நடுவில் ஒன்று.

கார்டில் பார்த்தது ஒன்று, சுவரில் வந்தது ஒன்று. கடையில் ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. இரண்டு அங்குலக் காகிதத்தில் அடக்கமாகத் தெரிகிற நிறம் பெரிய பரப்பில் அழுத்தமாகத் தெரியும். அறைக்குள் சுவர்கள் ஒன்றின் நிறத்தை ஒன்று எதிரொளிப்பதும் சேர்ந்துகொள்ளும். எங்கள் முதல் ஆரஞ்சுச் சுவர் கூரையையும் வெள்ளைப் படுக்கை விரிப்பையும்கூட லேசாக ஆரஞ்சாக்கியிருந்தது. தம்பியின் நிறம் அக்காவின் விரிப்பு வரைக்கும் போய்விட்டது என்றால் பாருங்கள்.

சுவரிலேயே ஒரு கோடு அடித்துப் பார்ப்பது பலர் செய்வது. பழைய நிறத்தின் நடுவில் இருப்பதால் அது சரியாகக் காட்டாது. 2 அடிக்கு 2 அடி அட்டை ஒன்றில் இரண்டு கோட் அடித்து, ஓரத்தில் ஓர் அங்குலம் வெள்ளையாக விட்டுக் காயவையுங்கள். அதை நிறம் வரப்போகிற இடத்தில் சாய்த்துவைத்து, காலையில், மாலையில், இரவு விளக்கில் என மூன்று வேளையும் பாருங்கள். பார்க்க வேண்டிய இடம் வாசற்படி அல்ல, தலையணை. பிள்ளையையே படுக்கவைத்துக் கேளுங்கள்.

பகலில் சமமாக இருக்கிறது. இரவில் மகளின் சிவப்பு மட்டும் கறுத்துப்போகிறதே, பல்பு மாற்றினால் சரியாகுமா?

எந்த விளக்கு என்பதைப் பொறுத்தது. அறை விளக்கே மஞ்சள் ஒளி தருவதாக இருந்தால், பெட்டியில் 2700 கெல்வின் என்று இருக்கும், சிவப்பும் ஆரஞ்சும் எடுப்பாகும், நீலம் மங்கும். 6500 கெல்வின் வெண்ணொளி நீலத்துக்குச் சாதகம். 4000 ஒட்டி இருப்பது இருவருக்கும் நடு. ஆளுக்கொரு படிப்பு விளக்கு இருந்தால் அவரவர் நிறத்துக்கு ஏற்றதை அதில் போட்டுக்கொள்ளலாம்.

நீங்கள் சொல்வது மங்கலான இரவு விளக்கில் என்றால் பல்பைக் குற்றம் சொல்ல முடியாது, கண் அப்படி. வெளிச்சம் மிகக் குறையும்போது விழித்திரையில் வேலை செய்யும் செல்கள் மாறுகின்றன. இருட்டில் பார்க்க உதவும் செல்களுக்குச் சிவப்பு அநேகமாகத் தெரியாது, நீலப்பச்சை நன்றாகத் தெரியும். செக் நாட்டு அறிவியலாளர் புர்கின்யே விடியற்காலையில் பூக்களைப் பார்த்துக் கவனித்த விஷயம் இது, அவர் பெயராலேயே வழங்குகிறது. சிவப்பு கேட்கிற பிள்ளைக்கு அந்தக் கட்டத்தைச் சுற்றி இரண்டு அங்குல வெளிர்ப் பட்டை ஒன்று கொடுங்கள். நிறம் மங்கினாலும் கட்டத்தின் உருவம் இரவிலும் நிற்கும்.

எங்களுடையது மேல்கீழ் அடுக்குக் கட்டில். அதில் எப்படி?

மேலே படுக்கிறவர் பார்ப்பது கூரை. கீழே படுக்கிறவர் பார்ப்பது மேல்கட்டிலின் அடிப்பலகை. கீழே இருப்பவரின் நிறத்தை அந்த அடிப்பலகையில் அடியுங்கள், எவ்வளவு அழுத்தமாக இருந்தாலும் வெளியே தெரியாது, அது அவருக்கே அவருக்கான இடம். மேலே இருப்பவருக்குக் கூரையில் கட்டில் அளவுக்கு ஒரு செவ்வகம். கூரை முகத்துக்கு மூன்றடிக்குள் இருந்தால் அழுத்தமான நிறம் மேலே இறங்கிவருவதுபோல் இருக்கும், வெளிராக்குங்கள்.

இந்த ஏற்பாட்டில் சுவருக்கு நிறமே தேவைப்படாமல் போகலாம்.

சின்னவனுக்கு வாரத்துக்கொரு நிறம் பிடிக்கிறது. எதை நம்பி அடிப்பது?

ஐந்தாறு வயதில் அது இயல்பு. அந்த வாரம் கையில் கிடைத்த பொம்மையின் நிறம்தான் பிடித்த நிறம். கேட்டு முடிவெடுக்காமல் பார்த்து முடிவெடுங்கள். ஒரு மாதம் விட்டுப் பாருங்கள், வண்ணப் பென்சில்களில் எது குட்டையாகியிருக்கிறது, சட்டைகளில் எதைத் தானாக எடுக்கிறான் என்று. என் மகன் நடுவில் பத்து நாள் பச்சைக்கு மாறினான், பென்சில் டப்பாவில் குட்டையாக இருந்ததோ ஆரஞ்சு.

அப்படியும் தெளிவில்லை என்றால் அவனுக்குச் சுவர் வேண்டாம், 21 சதுர அடிக்கு அவன் நிறத்தில் துணி போர்த்திய பலகை போதும். அப்படிச் செய்தால் பெரியவளுக்கும் துணிப்பலகையே கொடுங்கள். ஒருவருக்குச் சுவரில் பெயின்ட், ஒருவருக்குக் கழற்றி எடுக்கும் துணி என்றால், துணிக்காரர் அந்த அறைக்கு விருந்தாளி ஆகிவிடுவார். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இதே வழிதான்.

அக்கா எதைக் கேட்கிறாளோ அதையே தம்பியும் கேட்கிறான்.

தனித்தனியாகக் கேளுங்கள், ஒருவர் பதில் மற்றவர் காதில் விழாதபடி. இருவரையும் நிற்கவைத்து "உனக்கு என்ன, உனக்கு என்ன" என்று கேட்டால் முதலில் சொல்கிறவரே இருவருக்கும் சேர்த்து முடிவு செய்துவிடுகிறார். தனியாகக் கேட்டும் இருவரும் நீலம்தான் என்றால், ஒருவருக்கு இரவு நீலம், ஒருவருக்கு வான் நீலம் என்று படி மாற்றலாம்.

மகனுக்கு நிறம் பிரித்தறிவதில் குறை இருப்பதாக மருத்துவர் சொன்னார். அவன் ஆரஞ்சு, மகள் பச்சை கேட்கிறாள்.

இந்தக் குறை பையன்களிடம் அதிகம் காணப்படுவது, பெரும்பாலும் சிவப்பு–பச்சைப் பக்கம்தான். அவனுக்கு ஆரஞ்சும் பச்சையும் ஒரே மாதிரி தெரிய வாய்ப்பிருக்கிறது. அப்படியானால் "என் இடம் எது" என்பதே அவனுக்குக் குழம்பும். ஒன்றை நன்றாக வெளிராகவும் ஒன்றை நன்றாக அடர்த்தியாகவும் வையுங்கள், வெளிச்ச வேறுபாடு அவனுக்குத் தெரியும். கூடவே உருவத்தாலும் பிரியுங்கள், அவனுடையது கோடு போட்ட விரிப்பு, அவளுடையது புள்ளி போட்டது. நிறத்தை அவனே தேர்ந்தெடுக்கட்டும். அவனுக்கு எது பிடிக்கிறது என்பது நமக்கு எப்படித் தெரிகிறது என்பதைப் பொறுத்ததல்ல.

ஓரம் நேராக வருமா? எவ்வளவு பெயின்ட் வாங்க வேண்டும்?

ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்குச் சுமார் 100 முதல் 120 சதுர அடி வரை வரும். 21 சதுர அடிக் கட்டத்துக்கு மூன்று கோட் அடித்தாலும் 63 சதுர அடிதான், ஒரு லிட்டர் டப்பா வாங்கினால் மீதம் இருக்கும். ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு போன்றவை பழைய நிறத்தை எளிதில் மறைக்காது, மூன்றாவது கோட் அவற்றுக்காகத்தான். அடர் நீலச் சுவரை வெளிராக்குகிறீர்கள் என்றால் முதலில் பிரைமர் அடிக்காமல் தொடங்காதீர்கள். எத்தனை கோட் அடித்தாலும் நீலம் எட்டிப் பார்க்கும்.

நேர் ஓரத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் விளிம்பில் முதலில் பொதுச் சுவரின் நிறத்தையே ஒரு தடவை தடவிக் காயவிடுங்கள். டேப்புக்கு அடியில் கசிய வேண்டியது அதுவாகக் கசிந்து அடைத்துக்கொள்ளும். பிறகு பிள்ளையின் நிறத்தை அடித்து, கடைசிக் கோட் முழுக்கக் காயுமுன் டேப்பைச் சாய்வாக உரியுங்கள். காய்ந்தபின் உரித்தால் பெயின்ட் தோலோடு வரும்.

மீதிப் பெயின்டை டப்பாவை இறுக மூடி, மேலே நிறத்தின் எண்ணை எழுதி வையுங்கள். கட்டத்தின் கீழ்ப்பகுதி செருப்புக் கால் பட்டும் பந்து பட்டும் அழுக்காகும், அதைத் தொட்டுச் சரிசெய்ய உதவும். எங்கள் வீட்டில் ஆரஞ்சு டப்பா காலியாகிவிட்டது, நீலம் அப்படியே இருக்கிறது.